ஹட்டன் ஈ.பி.எப் பட்டறை ஜூலை 5க்கு மாறிருச்சு, ஏற்கனவே பதிஞ்சவங்க என்ன செய்யணும்

ஜூன் 14 ஞாயித்துக்கிழமை ஹட்டன்ல வைக்க இருந்த ஈ.பி.எப் பேர் திருத்தப் பட்டறை அன்னைக்கு நடக்காது. ஜூலை 5 ஞாயிறு, அதே ஹோல், அதே காலைல 9 மணி. பேர் பதிஞ்ச 60 பேரும் திரும்பப் பதியத் தேவையில்ல, இத மொதல்ல சொல்லிட்டா பாதிப் பேருக்கு கோல் எடுக்குற வேல மிச்சம்.

காரணம் மழ. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைய மூணு கட்டமா குடுக்கும், 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினா கவனமா இருங்க, 100 தாண்டினா கெளம்ப ரெடியா இருங்க, 150 தாண்டினா வெளியேறிருங்க. நம்ம பக்கத்துக்கு இப்ப ரெண்டாவது கட்டம் போட்டிருக்காங்க. வர்றவங்கள்ல முக்காவாசி மஸ்கெலியா, பொகவந்தலாவ, நோர்வூட் பக்கத்து லயங்கள்ல இருந்து வர்ற வயசான ஆளுங்க, பஸ்ஸு பாதி வழில நின்னா அவங்கள யாரு பாக்குறது? இன்னொன்னையும் ஒத்துக்கணும், 14ஆம் திகதி சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, டவுன்ல நிக்கவும் எடம் இருக்காது, அந்த நாளப் போட்டதே எங்க பெழ. அதனாலதான் ஜூலைல 12அ விட்டுட்டு 5அ எடுத்தோம்.

இப்ப பதிவு எப்படி மாறுதுன்னு பாருங்க. ஒங்களுக்கு வட்ஸ்அப்ல வந்த டோக்கன் நம்பர்தான் எல்லாம், அது அப்படியே ஜூலை 5க்கும் செல்லும், கட்டின 200 ரூபாவும் அப்படியே இருக்கும். வர முடியாதவங்க ஜூன் 25க்குள்ள டோக்கன் நம்பரப் போட்டு "வரமாட்டேன்"னு அனுப்பினா காசு முழுசா திரும்பக் கெடைக்கும், அந்த எடம் காத்திருக்குற 20 பேர்ல மொத ஆளுக்குப் போகும். 25க்குப் பொறவு சொன்னா காசு வராது, ஏன்னா போட்டோகொப்பியும் சாப்பாடும் அந்தக் கணக்குலதான் சொல்றோம். ஒண்ணுமே அனுப்பலேன்னா வர்றீங்கன்னுதான் எடுத்துக்குவோம்.

ஒங்களுக்குப் பதிலா வீட்ல இன்னொருத்தர் வரலாம், ஆனா இங்கதான் நெறைய பேர் சிக்குறாங்க. நோர்வூட் பக்கத்து அம்மா ஒருத்தங்க, வயசு 56, டோக்கன் 37. செக்ரோல்ல "முத்தம்மா", அடையாள அட்டைல "முத்தம்மாள்", பொறப்பு அத்தாட்சில "முத்துலெட்சுமி". அவங்க மகன் கோல் எடுத்து, அம்மாவுக்கு கால் வலி, நான் வந்து வேலய முடிச்சிரவான்னு கேட்டாரு. கேட்டுக்கிட்டுப் போகலாம் தம்பி, வேலய முடிக்க முடியாதுன்னு சொன்னேன். இந்த மூணு பேர்லயும் இருக்குறது ஒரே ஆளுதான்னு சத்தியக்கடதாசி குடுக்கணும், அதுல அந்த அம்மாவே சமாதான நீதவான் முன்னால கையெழுத்தோ கைநாட்டோ வைக்கணும், மகன் வச்சா செல்லாது. கடைசில டோக்கன் 37 அம்மா பேர்லயே இருக்கு, தொணைக்கு மகனும் வருவாரு, தொணைக்கு வர்றவங்களுக்கு தனி டோக்கன் வேணாம், சாப்பாடு மட்டும் கொண்டு வந்துக்கங்க.

கொண்டு வர வேண்டியதுல மாத்தம் இல்ல. அடையாள அட்டை, பொறப்பு அத்தாட்சி, பீ கார்ட் இருந்தா அது, பேங்க் புத்தகம், எல்லாத்துலயும் ஒரிஜினல். தோட்டத்து ஆபீஸ்ல "இந்தப் பேர்ல வேல செஞ்சது இவங்கதான்"னு கடிதம் கேட்டிருந்தீங்கன்னா இந்த மூணு கெழமய அதுக்குப் பாவிச்சுக்கங்க, கடிதம் கைல இல்லாம வந்தா அன்னைக்குப் பாதி வேலதான் நடக்கும்.

பட்டறை தள்ளிப் போனதால ஒங்க காசு தள்ளிப் போகணும்னு இல்ல. பொம்பளைங்களுக்கு 50, ஆம்பளைங்களுக்கு 55 முடிஞ்சு வேலய விட்டிருந்து, எல்லாக் கடதாசிலயும் பேர் ஒண்ணா இருந்தா, எங்களுக்காகக் காத்திருக்காம கே படிவத்த நெரப்பி நேரா லேபர் ஆபீஸ்லயே குடுக்கலாம். பேர் கொழப்பம் இருக்குறவங்களுக்குத்தான் இந்தப் பட்டறை.

கொழும்புல இருக்குற பிள்ளைங்களுக்காக ஜூன் 13 ராத்திரி வைக்க இருந்த சூம் கூட்டமும் ஜூலை 4 ராத்திரி 8 மணிக்குப் போயிருச்சு. பழைய லிங்க் வேல செய்யாது, புதுசு ஜூலை 3 அன்னைக்கு பதிஞ்ச அதே நம்பருக்கு வரும். ஒரே போன்ல மூணு பேரப் பதிஞ்சவங்களுக்கு மெசேஜ் ஒண்ணுதான் வரும், மத்த ரெண்டு பேருக்கும் நீங்கதான் போய்ச் சொல்லணும். சிம் மாத்தினவங்க டோக்கன் நம்பரோட புது நம்பர இப்பவே அனுப்பிருங்க.