கேள்வித்தாளின் தலைப்பு கருப்பொருள் ஆகாது

கொழும்பில் நேர்காணலை வைத்து எழுதப்படும் ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் மூன்று "கருப்பொருள்கள்": காரணங்கள், சவால்கள், ஆலோசனைகள். கருப்பொருள் என்றால் பலரின் பேச்சையும் இணைத்து நிற்கும் ஒரு கருத்து. இங்கேயோ நேர்காணலில் கேட்ட கேள்விகளே வேறு சட்டை போட்டு வந்து நிற்கின்றன. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்கவே ஐந்தாறு மணி நேரம் போகும். அத்தனை பாடுபட்டு, கேட்டதையே திருப்பிச் சொல்வானேன்?

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும், சீனி வருத்தம் உள்ள பத்துப் பேர் ஏன் கிளினிக்கைத் தவறவிடுகிறார்கள் என்பது ஆய்வு. ஒருவர் சொல்கிறார்: "கிளினிக் நாளுன்னா அரை நாள் போயிரும். லீவு கேட்டா முதலாளி ஒன்னும் சொல்ல மாட்டாரு, ஆனா ஒரு பார்வை பார்ப்பாரு. அதனால மருந்த மட்டும் பாமசில வாங்கிக்குவேன்."

பேச்சின் ஒவ்வொரு துண்டுக்கும் அதன் பொருளைச் சொல்லும் சிறு பெயர் வைப்பதுதான் குறியிடுவது. இதற்கு "வேலை", "நேரம்" என்று குறியிட்டால் போதாது. எழுத்துப்படியை மூடி வைத்துவிட்டுக் குறியீட்டை மட்டும் படியுங்கள். அவர் என்ன சொன்னார் என்று விளங்க வேண்டும். "லீவு மறுக்கவில்லை, கேட்கத்தான் கூச்சம்", "கிளினிக்கை விட்டு மருந்தை மட்டும் தொடர்கிறார்" என்றால் விளங்கும். ஒரே வரிக்கு இரண்டு குறியீடு விழலாம். குறியீட்டைத் தமிழிலேயே வையுங்கள். அந்தக் "கூச்சம்" ஆங்கிலத்துக்குப் போனதும் அவமானமாகவோ பயமாகவோ திரிந்துவிடும். பத்தும் முடிந்ததும் கடைசியிலிருந்து முதலுக்கு இன்னொரு சுற்று வாருங்கள். ஏழாவது ஆளிடம் கண்ட விஷயம் முதலாமவரிடமும் இருந்திருக்கும், அப்போது கண்ணில் பட்டிராது.

இனி குறியீடுகளைக் கருப்பொருளாக அடுக்குவது. முதலாளியின் பார்வை, தன் வேலையைப் பக்கத்து ஆள் சுமப்பது, வருத்தம் தெரிந்தால் வேலை போகும் என்ற பயம் ஆகியவற்றைச் சேர்த்து "வேலைத்தலப் பிரச்சினைகள்" என்று எழுதத்தான் கை போகும். அது வெறும் பெட்டி. "வேலை போகாதிருக்க நோயை மறைக்கிறார்கள்" என்பதில்தான் ஒரு வாதம் இருக்கிறது.

வாதம் என்றால் அது தோற்கவும் கூடும். பத்து எழுத்துப்படிகளையும் திரும்ப எடுத்து, பொருந்தாதவரைத் தேடுங்கள். இருவர் மச்சானின் கடையில் வேலை செய்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களின் வருத்தம் எல்லோருக்கும் தெரியும், வேலை போகும் பயமும் இல்லை. ஆனாலும் கிளினிக் போவதில்லை: "அவங்க பாவம், தனியா கஷ்டப்படுவாங்க." இங்கே மறைப்பு இல்லை, அடுத்தவருக்கு நன்றிக்கடன்படத் தயக்கம் இருக்கிறது. அந்தப் பார்வைக்குக் கூசியவரும் இதற்குள் வருகிறார். ஆகவே கருப்பொருள் "லீவு கேட்பது கடன்படுவது" என்று மாறுகிறது. வேலை போகும் பயம் அதிலிருந்து பிரிந்து தனியே நிற்கும். இருவர்தானே என்று ஒதுக்கியிருந்தால் இது கிடைத்திராது. எத்தனை பேர் சொன்னார்கள் என்ற எண்ணிக்கை கருப்பொருளைத் தீர்மானிப்பதில்லை.

பெயர் வைத்ததும் அதன் எல்லையை மூன்று நான்கு வாக்கியத்தில் எழுதுங்கள்: லீவு கேட்கும் தயக்கம் உள்ளே, கிளினிக் வரிசையின் நீளம் வெளியே. எழுத வரவில்லையென்றால் அது இன்னும் பெட்டிதான். இந்த அளவு ஆய்வுக்கு இப்படி இரண்டு முதல் நான்கு கருப்பொருள் தாராளம். "இன்சுலின் வைக்கக் கடையில் ஃப்ரிட்ஜ் இல்லை" போல எதிலும் ஒட்டாத குறியீடுகளைத் தனியாக ஒரு தாளில் வையுங்கள். அறிக்கையை எழுதி முடிக்கும்வரை அந்தத் தாளைக் கிழிக்க வேண்டாம்.