பத்தில் ஐந்து வராவிட்டால் பிழையா?

வெள்ளவத்தையில் என்னிடம் பிரத்தியேக வகுப்புக்கு வரும் தரம் 8 மாணவி ஒருத்தி சென்ற வாரம் கணிதக் கொப்பியை நீட்டினாள். நாணயத்தைப் பத்து முறை சுண்டியிருக்கிறாள். இலச்சினைப் பக்கம் ஏழு முறையும் இலக்கப் பக்கம் மூன்று முறையும் விழுந்திருக்கின்றன. அதன் கீழே சிவப்பு மையில் "பிழை, மீண்டும் செய்க" என்றிருந்தது. மீண்டும் செய்ததில் ஐந்துக்கு ஐந்து "கிடைத்திருந்தது". அழிறப்பர் தேய்த்த தடம் தெளிவாகவே தெரிந்தது. "எனக்குக் கணக்கு வராது மிஸ், நாணயம்கூடச் சரியாக விழவில்லை" என்றாள். இப்படியான கொப்பிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ஆசிரியர்களே, நிகழ்தகவு 1/2 என்றால் பத்தில் ஐந்து விழ வேண்டும் என்று எங்கே படித்தீர்கள்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பத்து முறை சுண்டினால் விழக்கூடிய வரிசைகள் 1024. அவற்றில் சரியாக ஐந்துக்கு ஐந்தாக அமைபவை 252, அதாவது கால்வாசிக்கும் சற்றுக் குறைவு. ஏழுக்கு மூன்று, எந்தப் பக்கம் ஏழாக இருந்தாலும், 240 வரிசைகளில் அமைகிறது. அந்தப் பிள்ளையின் "பிழை"யும் நீங்கள் கேட்ட "சரி"யும் ஏறத்தாழ ஒரே அளவில் நிகழக்கூடியவை! மிக அதிகம் அமைவது ஆறுக்கு நான்கு. அதற்கு 420 வரிசைகள். 32 பேர் உள்ள வகுப்பில் எட்டுப் பேருக்கு ஐந்துக்கு ஐந்து வந்தால் அது இயல்பு. முப்பத்திரண்டு பேருக்கும் வந்திருந்தால் நீங்கள் திருத்திக்கொண்டிருப்பது கற்பனைக் கதை.

1024 கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அது உங்களுக்காக.

பிள்ளைகளுக்கு நான் செய்விப்பது வேறு. முதலில், நாணயத்தைத் தொடாமல், இருபது முறை சுண்டியதுபோல் ஒரு வரிசையைக் கற்பனையாக எழுதச் சொல்வேன். பின்பு உண்மையாகவே இருபது முறை சுண்டி, விழுந்த வரிசைப்படி பேனையால் எழுத வேண்டும். எது எதுவென்று குறிக்காமல் இரண்டையும் என்னிடம் தருவார்கள். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவேன். கற்பனை வரிசையில் ஒரே பக்கம் மூன்று முறை வந்ததுமே பிள்ளை பயந்துபோய் மறுபக்கத்துக்கு மாற்றிவிடும். உண்மை வரிசையில் ஒரே பக்கம் தொடர்ந்து நான்கு முறையோ அதற்கு மேலோ விழ நான்கில் மூன்று பங்குக்கும் சற்றுக் கூடுதலான வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் வெல்வதில்லை. அதற்குத்தான் வகுப்பு கைதட்டும். கணிதம் என்றாலே தலை குனிந்திருக்கும் பிள்ளையும் அப்போது எட்டிப் பார்க்கும்.

அடுத்து, எல்லோருடைய எண்ணிக்கையையும் கரும்பலகையில் கூட்டுவோம். ஒரு வகுப்பில் 640 சுண்டல்களில் இலச்சினை 331, இலக்கம் 309. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். "கூடச் சுண்டினால் இரண்டும் சமமாகிவிடும்" என்று சொல்லித்தான் பலர் கெடுக்கிறார்கள். வித்தியாசத்தைப் பாருங்கள், 22! எந்த ஒரு பிள்ளையின் இருபது சுண்டலிலும் இவ்வளவு வித்தியாசம் இருக்கவே முடியாது. ஆனால் 331/640 என்பது ஏறத்தாழ 0.52. எண்ணிக்கைகள் சமமாக வேண்டிய கட்டாயம் இல்லை, விகிதம்தான் பாதியை நெருங்குகிறது. முன்பு கூடுதலாக விழுந்த இலச்சினைக்கு ஈடுகட்ட நாணயம் இலக்கத்தை அனுப்புவதில்லை. அது எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. முதலில் வந்த ஏற்றத்தாழ்வு பின்வரும் நூற்றுக்கணக்கான சுண்டல்களுக்குள் சிறுத்துப்போகிறது, அவ்வளவுதான். இதைப் பிள்ளைகளே சொல்லும்வரை, பத்து, நூறு, 640 என்று விகிதத்தைப் படிப்படியாக எழுதிக் காட்டுங்கள். ஒரு பாடவேளை முழுவதும் போனாலும் பரவாயில்லை.

தாயக்கட்டைக்கு வந்தால், லூடோ விளையாடிய பிள்ளைகள் எல்லோரும் ஆறு விழுவது கடினம் என்றே நம்புகிறார்கள். ஆறுக்காக மட்டும் காத்திருப்பதால் வரும் எண்ணம் அது. மூன்று விழுந்தால்தான் காய் இறங்கும் என்று விதியை மாற்றி விளையாட விடுங்கள், பத்து நிமிடத்தில் மூன்று "கடினமாகிவிடும்".

சில கண்டிப்புகள். கட்டையை பிஸ்கட் டின் மூடிக்குள் உருட்டுங்கள். மேசையிலிருந்து விழுந்ததைத் தேடும் நேரத்தில் பாதிப் பாடம் போய்விடும். கீழே விழுந்த உருட்டலைக் கணக்கில் சேர்ப்பதா இல்லையா என்று உருட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள், விழுந்த எண்ணைப் பார்த்த பிறகு அல்ல. பென்சில் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு இருபதில் பதினாறு இலச்சினை வந்தால் கொப்பியில் கை வைக்காமல் அதே நாணயத்தைப் பக்கத்து மேசைக்குக் கொடுத்து இன்னும் நூறு முறை சுண்டச் சொல்லுங்கள். நாணயத்தில் கோளாறா, தற்செயலா என்று அப்போது ஓரளவு தெரியும். இருபதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று: வீட்டுவேலையாக வரும் சுண்டல்களைப் பிள்ளைக்காக நீங்கள் இட்டு நிரப்பாதீர்கள். எனக்குத் தெரிந்துவிடும்.