டிவி ஸ்பீக்கரைக் கழற்றுவதற்கு முன்

இந்த மாதமும் ஒரு 43 அங்குல டிவி, பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஆட்டோவில் ஏறித் தருமபுரியிலுள்ள என் கடைக்கு வந்து சேர்ந்தது. பழுது எதுவும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வீடே உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் பேசுவதற்காகச் செல்பேசித் திரையை டிவியில் போட்டிருக்கிறார்கள். முகம் தெரிந்தது, குரல் வரவில்லை. ஸ்பீக்கர் போய்விட்டது என்று யாரோ புதிதாக ஒன்றை மாட்டிக் காசும் வாங்கிவிட்டார். அப்போதும் வரவில்லை. எப்படி வரும்?

எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. ஆண்ட்ராய்டு செல்பேசியில் பாட்டும் படமும் எழுப்பும் ஒலி ஒரு வகை, அழைப்பில் வரும் குரல் வேறு வகை. திரையை டிவிக்கு அனுப்பும்போது முதல் வகை மட்டும்தான் கூடப் போகும். அழைப்புக் குரலைப் பெரும்பாலான செல்பேசிகள் தம்மிடமே வைத்துக்கொள்ளும். சந்தேகமிருந்தால், திரை டிவியில் தெரியும்போதே யூடியூபில் ஒரு பாட்டைப் போடுங்கள். அது டிவியில் கேட்டால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. நான் கடையில் செய்ததும் அவ்வளவுதான். பெரியவர் என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

குரல் கூடம் முழுக்கக் கேட்க, மைக் உள்ள புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று போதும். பாட்டுக்கு மட்டுமான சவுண்ட்பார் இதற்கு உதவாது. பெட்டியில் அழைப்பு வசதி என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். அழைப்பு வந்தபின் திரையிலுள்ள ஸ்பீக்கர் குறியைத் தொட்டு அதன் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது நீங்கள் பேசுவதையும் அதன் மைக்தான் எடுக்கும். ஆகவே அதை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், எல்லோருக்கும் நடுவில் வையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம்.

கேமரா செல்பேசியில்தான் இருக்கிறது, டிவியில் இல்லை. இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது! பேரன் செல்பேசியை மடியில் வைத்துக்கொள்வான், பாட்டி டிவியைப் பார்த்துச் சிரிப்பார், அங்கே மகனுக்குத் தெரிவது விட்டம். செல்பேசியை டிவிக்குக் கீழே, ஒரு தாங்கியில் படுக்கை வாட்டில் நிறுத்துங்கள். டிவியைப் பார்ப்பவர்கள் ஏறக்குறைய அவர் முகத்தையே பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும்.

செல்பேசியை டிவியோடு இணைக்கக் கேபிள் வாங்கலாமா என்பார்கள். விலை குறைந்த பல செல்பேசிகள் சார்ஜர் துளை வழியாகப் படத்தை வெளியே அனுப்புவதே இல்லை. உங்கள் மாடலுக்கு அந்த வசதி உண்டா என்று உறுதி செய்யாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திரையை அனுப்பியிருக்கும் நேரத்தில் வங்கியின் ஓடிபியும் அக்கம்பக்கத்தாரின் செய்தியும் அப்படியே டிவியில் விழலாம். பேசத் தொடங்கும் முன் அறிவிப்புகளை நிறுத்திவையுங்கள். அழைப்பைத் துண்டித்தாலும் திரை இணைப்பு தானாக நிற்காது. அதைத் தனியாக நிறுத்திவிட்டு அப்புறம் வாட்ஸ்அப்பைத் திறங்கள்.