சிரைச் சுருள், சிரைத் தேக்கம்: வெரிகோஸைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கும்பகோணம் பக்கம் கல்யாணச் சமையல் செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பத்தில் இரண்டு மூன்று பேராவது கால் சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். கெண்டைக்காலின் உட்புறம் நீலமும் பச்சையுமாக, மண்புழு சுருண்டு கிடப்பதுபோல் ஒன்று புடைத்திருக்கும். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பார்கள். மருத்துவர்கள் வெரிகோஸ் என்பது இதைத்தான். என் சித்தப்பாவும் அப்படித்தான் சொன்னார். அந்த "நரம்பு" என்ற ஒரு சொல்லால் அவருக்கு மூன்று வருடம் வீணாகப் போனது. அதனால்தான் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் நரம்பு. பழந்தமிழில் இந்தச் சொல் மிக அகலமானது. யாழின் தந்தியும் நரம்பு, இலையில் ஓடும் கோடும் நரம்பு, தோலுக்கு அடியில் எழும்பித் தெரியும் ரத்தக் குழாயும் நரம்பு. புறநானூற்றின் 278ஆம் பாட்டில் ஒரு முதிய தாயின் தோளை "நரம்பு எழுந்து உலறிய" என்று நச்செள்ளையார் சொல்கிறார். வற்றிய தோளில் புடைத்துத் தெரியும் குழாய்தான் அங்கே நரம்பு. ஆகவே "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பது தவறான தமிழ் இல்லை, பழைய தமிழ். ஆனால் இன்றைய மருத்துவத் தமிழ் நரம்பு என்ற சொல்லை மூளைக்கு உணர்வையும் மூளையிலிருந்து கட்டளையையும் கொண்டுபோகும் இழைக்கு ஒதுக்கிவிட்டது. ரத்தக் குழாய்க்கு நாளம் என்று பெயர் வைத்தது. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. தமனி, சிரை இரண்டும் வடமொழியின் தமனீ, சிரா என்பவற்றிலிருந்து வந்தவை. பள்ளிப் பாடப் புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்தவைதான். முடி சிரைப்பதற்கும் இந்தச் சிரைக்கும் தொடர்பில்லை, ஒலி மட்டும் ஒன்று.

சித்தப்பா வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் "கால் நரம்புல கோளாறு, மரத்துப் போவுது, சாயங்காலம் பாரமா இருக்கு" என்று சொன்னார். காலைத் திறந்து காட்டவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நரம்புக்கு என்று வைட்டமின் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டே வருடத்துக்கு எத்தனையோ முகூர்த்தங்களுக்கு அடுப்பின் முன் நின்றார்.

வெரிகோஸ் என்பது லத்தீன் மூலம் உடையது. அந்த மொழியில் வேரிக்ஸ் என்றால் வீங்கிய சிரை. அதாவது அந்தச் சொல்லிலேயே சிரை இருக்கிறது, நரம்பு இல்லை. தமிழில் சுருள்சிரை, நாளப் புடைப்பு என்று பல பெயர்கள் உலவுகின்றன. எனக்குப் பிடித்தது "சிரைச் சுருள்". மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் "சுருட்டல்" அதில் நிற்கிறது, நரம்பு இருந்த இடத்தில் சிரை வந்துவிடுகிறது.

ஆனால் சுருள் என்பது வெளியே தெரியும் பகுதிதான். கெட்டுப்போனது உள்ளே இருக்கும் வால்வு. இந்தச் சொல்லின் கதை டெல்டாக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். லத்தீனில் வால்வா என்றால் மடக்குக் கதவின் ஒரு பலகை. இத்தாலியின் பாதுவாவில் உடற்கூறு கற்பித்த ஃபாப்ரிசியஸ் 1603இல் சிரைகளுக்குள் இருக்கும் இந்த மடிப்புகளைப் பற்றி எழுதியபோது அவற்றை "சின்னக் கதவுகள்" என்றே அழைத்தார். ஆனால் அவை ரத்தத்தின் வேகத்தைக் குறைப்பதற்காக என்று நினைத்துக்கொண்டார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி 1628இல் சரியாகச் சொன்னார்: அவை ரத்தத்தை இதயத்தின் பக்கம் மட்டும் போக விடுகின்றன, திரும்ப விடுவதில்லை.

இதற்குத் தமிழில் ஓரதர் என்று ஒரு அழகான ஆக்கம் உண்டு. அதர் என்றால் வழி. ஓரதர், ஒரே வழி. தடுக்கிதழ் என்பது இன்னொன்று. இதழ்போல் மெல்லியதாக இருப்பதால் தடுக்கிதழ் கண்ணுக்கு முன் படமாக நிற்கிறது, நான் அதையே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சித்தப்பாவுக்கு நான் விளக்கியது மதகை வைத்து இல்லை. மதகு தண்ணீரை அளந்து விடுவது. நாகப்பட்டினம் பக்கம் ஆறும் வடிகாலும் கடலைத் தொடும் இடத்தில் கடைமடை ரெகுலேட்டர் இருக்கிறதே, அதுதான் சரியான உவமை. வெள்ளம் வந்தால் ஷட்டரைத் திறந்து கடலுக்கு விடுவார்கள். மற்ற நேரத்தில் கடல் தண்ணீர் உள்ளே ஏறாமல் அது தடுத்து நிற்கும். ஷட்டர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் உப்புத் தண்ணீர் ஏறும், கொஞ்ச காலத்தில் வயலே கெட்டுவிடும். காலிலும் இதே கதைதான்.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் இருக்கும் அழுத்தம், பி.பி. பார்க்கும் அதே அளவையில், 80 முதல் 90 வரை. இதயத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கும் ரத்தத்தின் எடை அது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். தடுக்கிதழ் நல்லபடியாக இருந்தால் அது திரும்பி இறங்காது, அழுத்தம் 20, 30 என்று குறைந்துவிடும். இதழ் மூடாவிட்டால் பிழிந்த ரத்தம் அப்படியே திரும்பி விழும். நடந்தாலும் அழுத்தம் பெரிதாகக் குறையாது. சமையல்காரருக்கு இன்னும் மோசம், அவர் நடப்பதே இல்லை, நிற்கிறார். நாற்று நடுபவர்கள்கூட அடி எடுத்து வைத்துக்கொண்டே போகிறார்கள்.

இந்த நிலைக்குத்தான் ஸ்கேன் தாளில் "க்ரானிக் வெனஸ் இன்சஃபிஷியன்சி" என்று இருக்கும். தமிழில் இதை "நாட்பட்ட சிரைப் பற்றாக்குறை" என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்குத் தப்பு. இதைப் படித்துவிட்டு என் சித்தி கேட்ட முதல் கேள்வி, "ரத்தம் பத்தலையா? மாதுளம்பழம் குடுக்கவா?" என்பது. காலில் ரத்தம் குறைவாக இல்லை, வடியாமல் நிற்கிறது. பற்றாமல் போனது சிரையின் வேலைத்திறன். இதற்கு "நாட்பட்ட சிரைத் தேக்கம்" என்பதே பொருத்தம். தேங்கினால் என்ன ஆகும் என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சித்தப்பாவின் இடது காலில் அது வரிசையாகவே நடந்தது. முதலில் சாயங்கால வீக்கம். முன்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி நிற்கும், காலையில் வடிந்திருக்கும். அப்புறம் கணுக்காலின் உட்பக்கத்துக்கு மேலே அரிப்பு. அப்புறம் அந்த இடம் பழுப்பானது. அழுத்தம் தாங்காமல் சிவப்பணுக்கள் நுண்குழாயிலிருந்து தோலுக்குள் கசிகின்றன. அவை சிதைந்து இரும்பு மட்டும் தங்குகிறது. ஆழ்குழாய்த் தண்ணீர் பிடித்த வாளியில் படியும் துருக்கறை போலத்தான். கடைசியில் தோல் இறுகிப் பலகைபோல் ஆனது. அந்த நிலையில் அண்டாவின் விளிம்பு உரசி ஒரு சிறிய சிராய்ப்பு. நான்கு மாதம் ஆறவில்லை.

வீட்டில் எல்லோரும் யானைக்கால் என்று பயந்தார்கள். கும்பகோணத்தில் அந்தப் பயம் சும்மா வந்தது இல்லை, ஒரு காலத்தில் யானைக்கால் இங்கே அவ்வளவு இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. யானைக்காலில் தேங்குவது நிணநீர். புறங்காலும் விரல்களும் சேர்ந்து வீங்கும், இரண்டாம் விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்க வராது. சிரைத் தேக்கத்தில் விரல்கள் பெரும்பாலும் தப்பிக்கும், கணுக்காலுக்கு மேலே கறையும் புண்ணும் இருக்கும். சித்தப்பாவின் விரல்கள் சாதாரணமாக இருந்தன. இன்னொன்று: ஒரு காலில் மட்டும் திடீரென்று ஓரிரு நாளில் வலியோடு வீக்கம் வந்தால் அது ஆழ்சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அதற்குக் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

ரத்தநாள மருத்துவர் அவரை நிற்க வைத்து, ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தார். கெண்டைக்காலைப் பிழிந்து விட்டதும் ரத்தம் மேலே போனது, பிறகு மூன்று விநாடிக்கு மேல் கீழே விழுந்துகொண்டே இருந்தது. அரை விநாடிக்குள் நின்றிருக்க வேண்டும். கவட்டையில், நீண்ட மேற்சிரை ஆழ்சிரையோடு சேரும் இடத்துத் தடுக்கிதழ் மூடவில்லை.

அப்புறம்தான் கட்டு. இதை ஆங்கிலத்தில் கம்ப்ரஷன் என்கிறார்கள், பிழிந்து அமுக்குவது என்று பொருள். தமிழில் "அழுத்தக் கட்டு", "அழுத்தக் காலுறை" என்றால் போதும். ஆனால் கட்டுவதற்கு முன் மருத்துவர் கையிலும் கணுக்காலிலும் பி.பி. எடுத்தார். கையில் 130, கணுக்காலில் 136. கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்தால் ஒன்றுக்கு மேல். இது 0.8க்குக் கீழே போனால் தமனி வழியாகக் காலுக்குப் போகும் ரத்தமே குறைவு என்று பொருள்; அந்தக் காலை வழக்கம்போல் இறுக்கினால் தோல் செத்துப்போகலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த எண் பொய்யாகக் கூடிக் காட்டும் என்பதால் அவர்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

வாரம் ஒருமுறை பல அடுக்குக் கட்டு மாற்றினார்கள். கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப்போகக் குறைவு. பன்னிரண்டு வாரத்தில் புண் மூடியது. பிறகு லேசரால் அந்த மேற்சிரையை மூடினார்கள். சிரையையே மூடிவிட்டால் ரத்தம் எப்படிப் போகும் என்று சித்தி கேட்டாள். பெரும்பங்கைக் கொண்டுபோவது ஆழ்சிரைதான், அவருக்கு அது நன்றாக இருந்தது.

இப்போது அவர் 20 முதல் 30 அழுத்தமுள்ள முழங்கால் வரை வரும் காலுறை போடுகிறார். முதலில் வாங்கியது தப்பு. கடையில் "மீடியம்" என்று கேட்டு வாங்கிவிட்டார். மாலையில் மேல்விளிம்பு இறங்கும்போது அதை இரண்டாக மடித்தும் விட்டார். மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, கயிறு கட்டியதுபோல் ஆகி, கீழே வீக்கம் கூடியது. இந்தக் காலுறைக்குக் காலையில் வீக்கம் இல்லாதபோது கணுக்காலின் ஒடுங்கிய இடத்தையும் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் டேப்பால் அளக்க வேண்டும். அவருக்கு 24 சென்டிமீட்டர், 38 சென்டிமீட்டர். அந்த அளவுக்கு வாங்கியதும் மடிக்கத் தேவையே வரவில்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு, கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன், சித்தி பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு அவர் அதை ஏற்றுகிறார். வெறுங்கையில் வழுக்கும், நகம் பட்டால் கிழியும். குளியலை இரவுக்கு மாற்றிக்கொண்டார். ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும் என்பதால் வாங்கிய தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார். பழுப்பு நிறம் இன்னும் போகவில்லை, முழுசாகப் போகாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். போன மாதம் வலது காலிலும் சாயங்காலம் குழி விழ ஆரம்பித்தது. இந்த முறை மருத்துவரிடம் போனதும் முதலில் வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டிவிட்டு, "சிரை சார், இந்தக் கால்லயும் ஷட்டர் பிடிக்கலைன்னு நெனக்கிறேன்" என்று சொன்னார். அன்றைக்கே டாப்ளர் எடுத்தார்கள்.