காலி செய்து தருகிறேன் என்று கையெழுத்துப் போடும் முன்

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய ஸ்டோர் வீடு. இரண்டு கிரவுண்ட் மனை, முன்பக்கம் ஐந்து குடித்தனம், கிணற்றடியைத் தாண்டிப் பின்னால் ஓட்டு வீடு ஒன்று. வீட்டுக்காரர் இறந்ததும் பிள்ளைகள் அதை ஜாயின்ட் வென்ச்சருக்கு விட்டார்கள். ஒரு நாள் மண் பரிசோதனைக்கு முற்றத்தில் துளை போட ஆள் வந்தது. அடுத்த வாரமே புரோக்கர் ஸ்டாம்ப் பேப்பரோடு வந்துவிட்டார். குடித்தனத்துக்கு 2 லட்சம், மூன்று மாதத்தில் காலி, "கட்டி முடிச்சதும் உங்களுக்குத்தான் முதல் வாடகை" என்று வாய்வார்த்தை. ஆறு குடும்பமும் என்னிடம் வருவதற்குள் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பில்டருக்கு இந்த இடத்தின் மேல் ஏன் கண் என்பது எளிய கணக்கு. சென்னையில் சாதாரணக் கட்டடத்துக்கு மனையளவைப் போல ஒன்றரை மடங்குதான் கட்டலாம் என்றிருந்ததை 2019 விதிகள் இரண்டு மடங்காக்கின. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்டில் 7,200 கட்டியது போய் 9,600 வரை கட்டலாம். தெரு அகலம், பக்க இடைவெளி எல்லாம் பார்த்துக் கொஞ்சம் குறையும். இந்தக் கூடுதல் பரப்பை வீட்டுக்காரரும் பில்டரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஐம்பது வருஷமாக அங்கே குடியிருந்தவர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

முன்பக்கத்துக்காரர்கள் ஐந்து பேரும் சொன்னது ஒன்றுதான்: "அப்பா காலத்திலிருந்து இருக்கோம் சார், எங்களை யாரும் அசைக்க முடியாது." அந்தத் தெம்பு 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தந்தது. இடித்துக் கட்டப் போகிறேன் என்று சொல்லும் வீட்டுக்காரர் தன் நோக்கம் உண்மையானது என்றும், கையில் பணமும் வரைபட அனுமதியும் இருக்கிறது என்றும் கோர்ட்டில் காட்ட வேண்டியிருந்தது. வழக்கு வருஷக்கணக்கில் ஓடும். 2019 பிப்ரவரி 22 அன்று அதற்குப் பதிலாகப் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும் என்கிறது அது. எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறினால் அதையே காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்லி மனு போடலாம். இந்த ஐந்து பேரிடமும் இருந்தது கையால் எழுதிய வாடகை ரசீதுகள் மட்டும். அதிலும் இருவருக்கு ரசீது இறந்துபோன அப்பா பெயரில். வாடகையை ஒழுங்காகக் கட்டியவர்கள்தான், ஆனாலும் அது போதவில்லை.

பின்வீட்டு அண்ணன் கதையே வேறு. அவரும் 2 லட்சம் தாளோடுதான் வந்தார். பேச்சுவாக்கில், "எங்க தாத்தா அம்பதுகள்ல கட்டின ஓட்டு வீடு சார்" என்றார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு வீட்டு வரி ரசீது யார் பெயரில் என்று கேட்டேன். அவர்கள் பெயரில்தான். மாதாமாதம் கொடுத்து வந்தது வீட்டு வாடகை அல்ல, அடிமனை வாடகை.

இப்படிப்பட்டவர்களுக்கு 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். பிறர் மனையில் தன் காசில் கட்டிக் குடியிருப்பவரைச் சும்மா வெளியேற்ற முடியாது. கட்டடத்துக்கு இழப்பீடு தருகிறேன் என்று சொல்லி மூன்று மாத நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் வழக்கே போடலாம். வழக்கு வந்தால், 9வது பிரிவின்படி வசதியாகக் குடியிருக்கத் தேவையான அளவு மனையைத் தனக்கே விற்கச் சொல்லி அவர் மனு செய்யலாம். விலை, உத்தரவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரிச் சந்தை மதிப்பு. எல்லாப் பழைய மனைக்கும் இது கிடையாது. கோயில் நிலத்தை 1996 திருத்தம் விலக்கிவிட்டது. மயிலாப்பூரில் பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

இதில் ஆளைக் கவிழ்ப்பது கெடு. சம்மன் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். சம்மனைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு ஆடி கழியட்டும் என்று இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த அண்ணன் மேல் வழக்கு வந்ததும், சம்மன் கிடைத்த பத்தாம் நாளே வந்தார், மனுப் போட்டோம். அதன் பிறகு பில்டரின் குரல் மாறியது. பாங்க் வட்டி ஓடிக்கொண்டிருக்க, மனையில் ஒரு ஓட்டு வீடு நின்றால் அஸ்திவாரம் தோண்ட முடியாது. கடைசியில் 450 சதுர அடி ஃப்ளாட், கட்டி முடியும் வரை வெளி வாடகை. வீட்டுக்காரர்களும் பில்டரும் சேர்ந்து கையெழுத்திட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த பிறகே சாவி கைமாறியது.

முன்வீட்டில் கையெழுத்துப் போடாத இருவருக்குச் சட்டத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, அவகாசம் மட்டும்தான் இருந்தது. மோட்டாரை நிறுத்தினார்கள். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தி விரட்டுவதைப் புதிய சட்டமே தடை செய்கிறது, எழுத்தில் புகார் கொடுத்ததும் மோட்டார் ஓடியது. வாடகையை வாங்க மறுத்தார்கள், மாதாமாதம் மணியார்டர் அனுப்பி, திரும்பி வந்ததையும் பத்திரப்படுத்தினோம். ஏழு மாதம் கழித்து ஆளுக்கு 6 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் சாமான் லாரியில் ஏறியது.

முதலில் கையெழுத்துப் போட்ட மூவரில் கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவும் ஒருவர். இப்போது பெருங்களத்தூரிலிருந்து விடியற்காலை ரயிலில் வருகிறார். கட்டடம் முடிந்ததும் முதல் வாடகை பற்றிக் கேட்கப் போயிருக்கிறார். புது வாட்ச்மேன் யாரைப் பார்க்கணும் என்று கேட்டானாம். புரோக்கர் பெயரைத் தவிர அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை.