நடைப்பயிற்சியே இல்லை, நாடி மட்டும் 52: இது நல்லதா, கெட்டதா?

"டாக்டர், நான் வாக்கிங்கூடப் போறதில்ல. ஆனா வாட்ச்ல எப்பப் பார்த்தாலும் 52, 53. ஓட்டப்பந்தய வீரர்களுக்குத்தான் இப்படி இருக்கும்னு படிச்சேன். எனக்கு எப்படி?"

கேட்டவருக்கு 47 வயது, கணக்காளர். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. மாஸ்டர் ஹெல்த் செக்கப் அறிக்கையையும் கொண்டுவந்திருந்தார். இசிஜி தாளின் மூலையில் 'சைனஸ் பிராடிகார்டியா' என்று அச்சாகியிருந்தது. அந்த இரண்டு வார்த்தைகள் அவரைத் தூங்கவிடவில்லை.

முதலில் அந்த வார்த்தைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துடிப்பு தொடங்க வேண்டிய இடத்திலிருந்துதான் தொடங்குகிறது, ஆனால் வேகம் குறைவு என்பதுதான் அவற்றின் பொருள். நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்பது பழைய கணக்கு. பல இசிஜி இயந்திரங்கள் இன்னமும் அதை வைத்தே 60க்குக் கீழே போனால் இப்படி அச்சடித்துவிடுகின்றன. அமெரிக்க இதயநல அமைப்புகள் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ 50க்குக் கீழே இருந்தால்தான் அதைக் குறைந்த துடிப்பு என்கிறது. அதிலும்கூட எண்ணை மட்டும் பார்த்து வைத்தியம் செய்யச் சொல்லவில்லை. தொந்தரவு இருக்கிறதா என்றுதான் பார்க்கச் சொல்கிறது.

சரி, உடற்பயிற்சியே இல்லாதவருக்கு 52 எப்படி வருகிறது? நம் இதயத்தின் மேல்பகுதியில் சைனஸ் கணு என்று ஒன்று இருக்கிறது. துடிப்பைத் தொடங்கிவைப்பது அதுதான். நரம்புகளின் பிடியே இல்லாமல் தன்னிச்சையாக விட்டால், நடுத்தர வயதில் அது நிமிடத்துக்கு 90ஐ ஒட்டித் துடிக்கும். சும்மா இருக்கும்போது அதைக் கீழே இழுத்து வைப்பது வேகஸ் என்ற நரம்பு. சிலருக்கு அந்த நரம்பின் பிடி பிறவியிலேயே சற்று வலுவாக இருக்கும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ அப்படியே இருப்பதையும் பார்க்கலாம். இவர்களுக்கு 52 என்பது உயரம், நிறம் மாதிரி உடம்பின் வாகு. ஓட்டப்பந்தய வீரரின் கதை வேறு. பயிற்சியால் அவருடைய இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளும். குறைவாகத் துடித்தாலே போதும். ஆக, நாற்காலியில் இருப்பவரின் 52 நோய்க்கு அடையாளம் என்று சொல்ல முடியாது. அதே சமயம் உடல் தகுதிக்கான சான்றிதழும் ஆகாது. "நாடி குறைவாத்தானே இருக்கு, அப்ப எனக்கு உடற்பயிற்சி வேண்டாம்" என்ற முடிவுக்குச் சிலர் வந்துவிடுகிறார்கள். அது தவறு.

அந்த எண் சரியானதுதானா என்பது அடுத்த கேள்வி. வாட்ச் காட்டும் 'ஓய்வுத் துடிப்பு' தூக்கத்தில் எடுத்ததாகவும் இருக்கலாம். ஆழ்ந்த தூக்கத்தில் நாற்பதுகளுக்கு இறங்குவது பலருக்கும் இயல்பு. அதனால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணும்போது தாளத்தையும் கவனியுங்கள். சீராக இருக்கிறதா, இல்லை, நடுநடுவே விட்டுப்போகிறதா? சிலருக்கு ஒவ்வொரு நல்ல துடிப்புக்கும் அடுத்து முன்கூட்டியே ஒரு அரைகுறைத் துடிப்பு வரும். அது மணிக்கட்டு வரை எட்டாது. இதயம் 100 முறை துடித்திருக்கும், விரலுக்குக் கிடைப்பது 50தான். பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் வாட்சும் இதில் ஏமாந்துபோகும். இசிஜியில் தெளிவாகத் தெரிந்துவிடும். இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு மின்சாரம் போகும் வழியில் அடைப்பு இருக்கிறதா என்பதும் அந்த ஒரு தாளில்தான் தெரியும். ஒரு இசிஜிகூட எடுக்காமல் 52ஐ நல்லது என்றோ கெட்டது என்றோ நான் சொல்வதில்லை.

கணக்காளருக்கு இசிஜியில் சீரான துடிப்பு, வேறு கோளாறு இல்லை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் துடிப்பு குறையும்; அதற்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. மாத்திரை எதுவும் கிடையாது. மயக்கம், கண் இருட்டல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, இரண்டு மாடி வேகமாக ஏறி இறங்கச் சொன்னேன். வந்து நின்றதும் 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினேன்: 112. உட்கார்ந்து ஒரு நிமிடம் கழித்து 90. எனக்கு வேண்டிய பதில் அதுதான். தேவைப்படும்போது எழுந்து ஓடத் தெரிந்த சைனஸ் கணு, ஓய்வில் 52இல் இருந்தால் கவலை இல்லை. சொல்லப்போனால், பயிற்சி இல்லாத உடம்பில் சின்ன வேலைக்கே துடிப்பு மளமளவென்று ஏற வேண்டும். ஏறவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

ஏறாத ஒருவரையும் சொல்கிறேன். 54 வயது அம்மா ஒருவர். ஓய்வில் நாடி 51. சில மாதங்களாகச் சோர்வு, கோவில் படி ஏறினால் கால் கனக்கிறது என்றார். வயசாகுது, உடம்பு அசைக்காததால்தான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். மாடி ஏறி வந்ததும் 64. இசிஜியில் மின்தடை இல்லை, டிஎஸ்எச்சும் சரி. "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்றேன். "ஒண்ணும் இல்ல டாக்டர்." அப்புறம் கைப்பையில் இருப்பதை எல்லாம் எடுத்து வைக்கச் சொன்னதும் ஒரு சின்ன புட்டி வந்தது. கண் அழுத்த நோய்க்கான டிமோலால் சொட்டு மருந்து, இரண்டு கண்ணிலும் தினம் இரண்டு வேளை.

டிமோலால் ஒரு பீட்டா பிளாக்கர், அதாவது இதயத் துடிப்பைக் குறைக்கும் வகை மருந்து. பிளட் பிரஷருக்குக் கொடுக்கும் அடினலால், மெட்டோபிரலால் எல்லாம் இதே குடும்பம்தான். கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. விழுங்கும் மாத்திரையின் ஒரு பகுதியைக் கல்லீரல் முதலிலேயே சிதைத்துவிடும்; இதற்கு அந்தத் தடையும் கிடையாது. அதனால்தான் ஒரு சொட்டு இதயம் வரை போய் வேலை செய்கிறது. ஆனாலும் அந்த மருந்தை நானாக நிறுத்தவில்லை, அவரையும் நிறுத்தவிடவில்லை. நிறுத்தினால் கண் அழுத்தம் ஏறிப் பார்வைக்கே ஆபத்து. கண் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன், அவர் வேறு வகை சொட்டுக்கு மாற்றினார். சில வாரம் கழித்து வந்தபோது ஓய்வில் 66, மாடி ஏறியதும் 108. சோர்வும் விலகியிருந்தது.

மருந்தும் இல்லை, தைராய்டும் இல்லை, ஆனாலும் நாடி ஏற மறுக்கிறது என்றால், ட்ரெட்மில் டெஸ்ட்டும், உடம்பில் மாட்டிக்கொண்டு 24 மணி நேரமும் இசிஜி எடுக்கும் ஹோல்டர் பதிவும் தேவைப்படும். சைனஸ் கணு தளர்ந்திருப்பதும் விட்டுவிட்டு வரும் மின்தடையும் அதில்தான் பிடிபடும். சிலருக்கு பேஸ்மேக்கர் வேண்டியிருக்கும். குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்றும் பார்ப்போம். மயங்கி விழுந்தவர், நெஞ்சுவலியோடு நாடி குறைந்தவர், நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்குபவர் இந்த மாடிப்படி சோதனையை எல்லாம் செய்துகொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கணக்காளருக்கு மருந்து எதுவும் எழுதவில்லை. இசிஜியின் நகல் ஒன்றை போனில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நாளைக்கே பிரஷருக்கோ, ஒற்றைத் தலைவலிக்கோ, கை நடுக்கத்துக்கோ யாராவது மருந்து எழுதினால், "எனக்கு எப்பவுமே நாடி 52தான்" என்று சொல்லி அதைக் காட்ட வேண்டும். இந்த மூன்றுக்குமே துடிப்பைக் குறைக்கும் மருந்து எழுதப்படுவது சகஜம். 75 இருப்பவருக்கு ஒத்துக்கொள்ளும் அளவு, 52இல் இருப்பவரை நாற்பதுக்குத் தள்ளிவிடலாம்.