கால் வீக்கம் வற்றவில்லையா? முதலில் நீர் மாத்திரையின் அளவைப் பாருங்கள்

அறுபது வயதை ஒட்டிய ஒரு பெண். நாள்பட்ட சர்க்கரை நோய், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 18தான். வழக்கமான எடை 64 கிலோ, இப்போது 70. முழங்கால் வரை வீக்கம். காலையில் ரத்த அழுத்த மருந்தான டெல்மிசார்டனுடன் 12.5 மி.கி. ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மருந்து சேர்ந்த மாத்திரை. காலையும் இரவும் ஃபியூரோசமைடு என்ற நீர் மாத்திரை 40 மி.கி. இப்படியொரு மருந்துச் சீட்டை அடிக்கடி பார்க்கலாம். "மாத்திரை போட்டாலும் சிறுநீர் எப்போதும் போலத்தான் போகுது" என்று இவர் சொல்வதில்தான் விடை இருக்கிறது.

ஃபியூரோசமைடு ரத்தத்தில் அல்புமினோடு ஒட்டிக்கொண்டு ஓடும் மருந்து. அதனால் சிறுநீரக வடிகட்டி வழியாக அது இறங்குவதில்லை. சிறுநீர் உருவாகும் நுண்குழாயின் சுவரில் உள்ள கடத்திப் புரதங்கள் அதைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும். உள்ளே போன பிறகே உப்பு உறிஞ்சப்படுவதை அது தடுக்கும். சிறுநீரகம் பழுதாகும்போது ரத்தத்தில் தேங்கும் கழிவு அமிலங்கள் அதே கடத்திகளுக்குப் போட்டி போடுகின்றன. வேலை செய்யும் நுண்குழாய்களும் குறைந்துவிடுகின்றன. ஆகவே நல்ல சிறுநீரகத்துக்குப் போதுமான 40 மி.கி. இங்கே தேவையான இடத்துக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

இந்த மருந்துக்கு ஒரு வாசல் அளவு உண்டு. அதைத் தாண்டாதவரை பலன் ஏறக்குறைய பூஜ்யம். பூஜ்யத்தை இரண்டு வேளை கொடுத்தாலும் பூஜ்யம்தான். இரவுத் தூக்கம் கெடுவது மட்டும் மிச்சம். எனவே முதலில் ஒரு வேளை அளவை உயர்த்த வேண்டும், பிறகுதான் வேளைகளை. காலையில் 80 மி.கி. கொடுத்து அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் சிறுநீர் தெளிவாகக் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். கூடாவிட்டால் 120, பிறகு 160. பலன் தரும் அளவு தெரிந்ததும் அதே அளவைப் பிற்பகல் இரண்டு மணிக்கு இன்னொரு முறை. மருந்தின் வேலை சுமார் ஆறு மணி நேரமே. அதன் பிறகு சிறுநீரகம் இழந்த உப்பை மீட்டுக்கொள்ளப் பார்க்கும்.

வாய்வழி ஃபியூரோசமைடு சராசரியாகப் பாதிதான் உடலில் சேரும், அதுவும் ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். அதே வகை மருந்தான டார்செமைடில் இந்தத் தடுமாற்றம் குறைவு. அதன் 20 மி.கி., ஃபியூரோசமைடு 40 மி.கி.க்கு ஏறத்தாழ ஈடு. உச்ச அளவைத் தாண்டினால் சிறுநீர் மேலும் அதிகரிக்காது. காதில் இரைச்சல், கேட்கும் திறன் குறைதல் போன்ற தொல்லைதான் கூடும். ஊசியாக அதிக அளவை வேகமாகச் செலுத்தும்போது இந்த ஆபத்து அதிகம்.

ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற தயசைடு வகை நீர் மருந்து வேலை செய்வது நுண்குழாயின் கடைப் பகுதியில். வடிகட்டப்பட்ட உப்பில் அங்கே உறிஞ்சப்படுவது சுமார் 5 சதவீதம். ஃபியூரோசமைடு தடுக்கும் பகுதியிலோ 25 சதவீதம் வரை. வடிகட்டலே இவ்வளவு குறைந்த நிலையில் 12.5 மி.கி. ஹைட்ரோகுளோரோதயசைடு ஆறு கிலோ நீரை இறக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் 'இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே தயசைடு வீண்' என்ற பழைய பாடமும் இன்று நிற்காது. 2021இல் வெளியான கிளிக் ஆய்வில், நான்காம் நிலைச் சிறுநீரக நோயாளிகளுக்குத் தயசைடு வகையைச் சேர்ந்த குளோர்தாலிடோன் 12.5 மி.கி.யில் தொடங்கிக் கொடுத்தபோது, 12 வாரத்தில் மேல் ரத்த அழுத்தம் சுமார் 11 புள்ளிகள் இறங்கியது.

தயசைடு வகைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஃபியூரோசமைடை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு நுண்குழாயின் கடைப் பகுதி தடித்து, தப்பி வரும் உப்பை அங்கே பிடித்துக்கொள்ளும். அந்த வழியை அடைக்க இந்த வகையைச் சேர்ந்த மெட்டோலசோன் சேர்க்கப்படுகிறது. ஃபியூரோசமைடை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் இதைக் கொடுப்பதில்லை.

நம் உதாரணத்துக்கு வருவோம். இரவு மாத்திரையை நிறுத்தி, கூட்டு மாத்திரைக்குப் பதில் டெல்மிசார்டன் மட்டும் தந்தாயிற்று. 80 மி.கி.யில் மாற்றமில்லை, 120இல் சிறுநீர் நன்றாகப் போனது. இரு வேளை 120 கொடுத்ததும் எடை நாளுக்கு அரைக் கிலோ வீதம் இறங்கி, 67இல் நின்றுவிடுகிறது. இங்கே மூன்றாவது மருந்துக்குத் தாவுவதற்கு முன் இரண்டு கேள்விகள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரை உண்டா? அது நீர் மாத்திரையின் பலனை மழுங்கடிக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சாப்பாட்டில் ஊறுகாய், அப்பளம், கருவாடு எவ்வளவு? 24 மணி நேரச் சிறுநீரில் சோடியம் 100 மில்லிமோலைத் தாண்டியும் எடை இறங்கவில்லை என்றால், மருந்து வேலை செய்கிறது, தட்டில்தான் உப்பு அதிகம். (சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், டெல்மிசார்டன் எடுக்கும் இவருக்கு அது ஆபத்து.)

இரண்டும் சரியாக இருந்தால் மெட்டோலசோன் 2.5 மி.கி., வாரத்தில் இரண்டு நாள். இதில்தான் கவனம் தேவை. இரு மருந்தும் சேரும்போது நீர் திடீரென்று கொட்டலாம். பொட்டாசியமும் சோடியமும் சரியும், கிரியேட்டினின் ஏறும். மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் ரத்தப் பரிசோதனை கட்டாயம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பார்த்துக் குறிக்க வேண்டும். நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினாலோ, எழுந்தால் தலைசுற்றினாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலோ மெட்டோலசோனைப் போடாமல் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். எடை 64ஐ நெருங்கியதும் முதலில் நிறுத்தப்படுவதும் அதுதான்.

இத்தனைக்கும் பிறகும் படுத்தால் மூச்சு முட்டுகிறது, சிறுநீர் குறைந்துகொண்டே போகிறது என்றால் வீட்டில் இன்னொரு மாத்திரையைக் கூட்டிப் பார்க்கக் கூடாது. அது ஊசி மருந்துக்கோ, டயாலிசிஸ் மூலம் நீரை எடுப்பதற்கோ மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்.